போன் ‘சேதம்’ என்று சொன்ன மெமரி கார்டு: எதையும் எழுதாமல் சோதித்து மீட்ட பதிவு

ஏற்காட்டு மலையிலிருந்து வந்த ஒரு 32 ஜிபி மெமரி கார்டில் இருந்த படங்களில் பெரும்பகுதி, அவற்றின் பழைய பெயர்களோடும் தேதிகளோடும், இப்போது உரியவரிடம் திரும்பிச் சேர்ந்திருக்கிறது. கார்டு பிழைக்கவில்லை; அது இனி எந்தப் போனிலும் போடத் தக்கதல்ல என்று எழுதி, ஒரு சிறு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். சேலத்தில் என் பழுது மேசைக்கு வரும் கார்டுகளில் பல, முதல் கோளாறினால் அழிந்தவையல்ல. அந்தக் கோளாறைச் சரிசெய்ய முயன்றபோது அழிந்தவை.

கார்டைக் கொண்டு வந்தவர் மலையில் சிறிய அளவில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் பெரியவர். நிலப் பத்திரங்களின் படங்கள், நான்கைந்து ஆண்டுகளாகத் தோட்டத்தில் எடுத்த படங்கள், பேத்தியின் காதணி விழா எல்லாம் அதே கார்டில் இருந்தன. “கார்டு சேதமாயிருச்சு, ஃபார்மேட் பண்ணலாமான்னு போன் கேக்குதுங்க தம்பி. நான் ஒண்ணும் அமுக்கலைங்க” என்றார். அந்த இறுதி வாக்கியம்தான் இந்த வேலை முடிந்ததற்கு முதற்காரணம். போன் காட்டும் அந்த அறிவிப்பைத் தொட்டால் திறக்கும் பக்கம், நேரே ஃபார்மேட் செய்யும் வழிக்குத்தான் கொண்டு போகும். ‘சரிசெய்யத் தொடவும்’ என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தாலும், அங்கே சரிசெய்யப்படுவது கார்டை மீண்டும் பயன்படுத்தும் நிலையே தவிர, கார்டில் இருக்கும் படங்கள் அல்ல.

கார்டை வெளியே எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலாவது, போன் இதுவரை அந்தக் கார்டை எப்படிப் பயன்படுத்தியது என்பது. ஆண்ட்ராய்டு 6 முதல், மெமரி கார்டைப் போனின் உள் சேமிப்பாகவே மாற்றிக்கொள்ளும் வசதி சில போன்களில் உண்டு. அப்படி மாற்றப்பட்ட கார்டில் உள்ள அனைத்தும் பூட்டுக்குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் சாவி அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும். அத்தகைய கார்டை வேறு போனிலோ கணினியிலோ போட்டால் அது நல்ல நிலையில் இருந்தாலும் சேதம் அல்லது வெறுமை என்றுதான் தெரியும். அந்தப் போனைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டால் சாவியும் போய்விடும்; அதன்பின் அந்தப் படங்களை யாராலும் படிக்க முடியாது. சில நிறுவனங்களின் போன்களில், எடுத்துப் போடும் கார்டாகவே வைத்துக்கொண்டு அதைத் தனியே பூட்டுக்குறியாக்கம் செய்யும் வசதியும் உண்டு. அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆகவே கார்டில் கோளாறு என்றால் போனை மீட்டமைப்பது முதல் வைத்தியமாக ஒருபோதும் இருக்கக் கூடாது. பெரியவரின் போனில் அமைப்புகளுக்குள் சேமிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கார்டு தனிச் சேமிப்பாகவே காட்டப்பட்டிருந்தது, பூட்டுக்குறியாக்கமும் போடப்படவில்லை. அந்தக் கவலை நீங்கியது.

இரண்டாவது கேள்வி, அறிவிப்பு வந்த பிறகு கார்டை எத்தனை முறை கழற்றிப் போட்டார்கள் என்பது. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் அமைந்த கார்டைப் போட்டவுடன் ஆண்ட்ராய்டு அதை அப்படியே திறப்பதில்லை. முதலில் தானாக ஒரு சரிபார்ப்பை நடத்துகிறது. அந்தச் சரிபார்ப்பு, தவறு என்று தோன்றுவதைக் கேட்காமலே திருத்தி எழுதும். உரிமை தெரியாத துண்டுகளைத் திரட்டி, LOST.DIR என்ற ஃபோல்டரில் வெறும் எண்களைப் பெயராக வைத்துப் போடும். கார்டு நலமாக இருந்து, ஒரே ஒரு முறை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில் அது நன்மை செய்யும். கார்டே சரியாகப் படிக்காத நிலையில், தவறாகப் படித்ததை நம்பித் திருத்தினால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் நல்ல பட்டியலும் கெட்டுப் போகும். ஒவ்வொரு முறை கழற்றிப் போடும்போதும், பக்கத்து வீட்டுப் போனில் போட்டுப் பார்க்கும்போதும் இதே திருத்தம் மீண்டும் நடக்க வாய்ப்புண்டு. “என் போனில் போட்டுப் பார்க்கிறேன்” என்பது வெறுமனே பார்ப்பது அல்ல, எழுதுவதும் ஆகும் என்பதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். பெரியவரின் மகன் ஒரு முறை கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

போனை முழுதாக அணைத்த பிறகுதான் ட்ரேயை வெளியே இழுத்தேன். அந்தப் போனில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம். மெல்லிய பிளாஸ்டிக் ட்ரேயில் கார்டு கொஞ்சம் தளர்வாகவே அமர்ந்திருந்தது. இத்தகைய ட்ரேயில் கார்டு ஒரு நூல் அளவு சரிந்தாலும், பின்பக்கத்தில் உள்ள எட்டு பொன்னிறத் தொடுமுனைகளில் ஒன்றிரண்டு சரியாகப் படாமல் போகலாம். இங்கே போன் காட்டும் இரண்டு வகை அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்டைப் போட்ட பிறகும் போன் எதுவுமே சொல்லாமல், கார்டே இல்லாததைப் போல இருந்தால், கோளாறு பெரும்பாலும் ட்ரேயிலோ, தொடுமுனைகளிலோ, கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லிலோ இருக்கும். ‘சேதம்’ என்று சொன்னால், கார்டு பதில் சொல்லியிருக்கிறது, தன் கொள்ளளவையும் தெரிவித்திருக்கிறது, ஆனால் அதன் உள்ளே இருக்கும் பட்டியலைப் போனால் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது பொருள். இந்தப் பிரிவு முற்றிலும் உறுதியானதன்று. தொடுமுனை அரைகுறையாகப் பட்டால் கார்டு பதில் சொல்லிவிட்டுப் பின்னர் படிக்கும்போது தடுமாறும், அதையும் போன் ‘சேதம்’ என்றே காட்டும். அதனால் தொடுமுனையை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது கார்டில் வெடிப்போ வளைவோ இல்லை. தொடுமுனைகளின் மேல் மெல்லிய மங்கல் படலம் மட்டும் இருந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பஞ்சு போல் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊரிலிருந்து வரும் போன்களில் இதை அடிக்கடி காண்கிறேன். மேல்பூச்சு பொன் என்பதால் கார்டின் தொடுமுனை எளிதில் துருப்பிடிப்பதில்லை; ஆனால் ஈரமும், விரல் எண்ணெயும், சட்டைப் பையின் நூல்தூசியும் சேர்ந்து படிகின்றன. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நுனியை நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் இரண்டு முறை துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டேன். அழிரப்பரால் தேய்க்கும் வழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு. அதன் துகள்கள் போனின் தொடு ஸ்பிரிங்குகளுக்கு இடையில் போய் அடைத்துக்கொள்வதையும், பூச்சு தேய்ந்துபோவதையும் பார்த்திருப்பதால் நான் அதைச் செய்வதில்லை. போனின் ட்ரே இருக்கும் துளைக்குள் ஊசியையோ குச்சியையோ விடவும் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வளைந்தால் அதன்பின் நல்ல கார்டும் தெரியாது. கையால் அழுத்தும் ரப்பர் ஊதுகுழாயால் காற்றை ஊதினால் போதும்.

அடுத்து, கோளாறு போனிலா கார்டிலா என்பதைப் பார்க்க வேண்டும். இதற்குச் சந்தேகத்துக்குரிய கார்டை வேறு போனில் போடுவது பொதுவான வழக்கம். நான் அதைத் திருப்பிச் செய்கிறேன்: முக்கியமான எதுவும் இல்லாத, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு கார்டை அந்தப் போனில் போடுகிறேன். அதனால் இழப்பு எதுவும் இல்லை. என்னிடம் இதற்கென்றே ஒரு 16 ஜிபி கார்டு இருக்கிறது. அதைப் போட்டவுடன் பெரியவரின் போன் திறந்தது, ஒரு படம் எடுத்துச் சேமித்தது, மறுபடி தொடங்கிய பின்னும் அந்தப் படம் இருந்தது. போனின் துளை நலமாக இருக்கிறது என்று இதனால் தெரிந்தது. கோளாறு கார்டில்தான்.

அந்தக் கார்டை முதலில் சிறிய கார்டைப் பெரிய கார்டாக்கும் அடாப்டருக்குள் செருகி, லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள துளையில் போட்டேன். இந்த அடாப்டர்களின் ஓரத்தில் ஒரு சிறிய நழுவுத் தாழ் இருக்கும். அதைக் கீழே இறக்கினால் எழுதத் தடை. இதை நம்பிப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாழுக்கும் கார்டின் உள்ளிருக்கும் சில்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரீடர் அதைப் பார்த்து மதித்தால்தான் தடை உண்டு, மதிக்காத ரீடர்களும் இருக்கின்றன. அது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே.

லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். விண்டோஸில் இத்தகைய கார்டைப் போட்டால் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று கேட்கும் பெட்டி தோன்றும். அதில் ரத்து என்பதைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. `chkdsk` கட்டளையை `/f` சேர்த்து ஓட்டுமாறு பல இடங்களில் அறிவுரை கிடைக்கும். போன் செய்யும் அதே தானியங்கித் திருத்தத்தை அதுவும் செய்கிறது, ஆகவே நகல் எடுப்பதற்கு முன்பு அதையும் ஓட்டக் கூடாது. லினக்ஸிலும் கார்டு தானாகத் திறப்பதை முதலில் நிறுத்திக்கொள்ள வேண்டும். க்னோம் மேசைத்தளம் உள்ள கணினியில் அதற்கு இந்த ஒரு வரி போதும்:

```
gsettings set org.gnome.desktop.media-handling automount false
```

கார்டைப் போட்ட பிறகு, கணினி அதை எப்படிக் காண்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
lsblk -o NAME,SIZE,FSTYPE,RO,MODEL
```

முதல் முயற்சியில் கார்டு பட்டியலிலேயே வரவில்லை. இங்கேதான் வேலை சிறிது நேரம் தவறான பக்கம் திரும்பியது. கார்டின் உள்சில்லு இறந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிப் பெரியவரிடம் அப்படியே சொல்லவும் இருந்தேன். ஆனால் போன் ‘சேதம்’ என்று சொல்லியிருக்கிறதே, பதிலே சொல்லாத கார்டைப் பற்றிப் போன் எப்படிப் புகார் கூறும் என்ற முரண் உறுத்தியது. அடாப்டரை விட்டுவிட்டு, சிறிய கார்டை நேரடியாக ஏற்கும் யூ.எஸ்.பி கார்டு ரீடர் ஒன்றில் போட்டேன். உடனே `sdb` என்ற பெயரில் 29.7 ஜிபி என்று காட்டியது. அந்த அடாப்டரில் வேறொரு நல்ல கார்டைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை; குறை அடாப்டரில்தான். அந்த ரீடர் ₹250 விலையுள்ள சாதாரணப் பொருள். ஒரு கார்டு இறந்துவிட்டது என்று முடிவு செய்யும் முன், அடாப்டர் இல்லாத இரண்டு வெவ்வேறு ரீடர்களிலாவது பார்த்தாக வேண்டும் என்பதை அதன்பின் என் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இந்தக் கட்டத்தில் கணினி காட்டும் கொள்ளளவு, அடுத்து என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும். அட்டையில் 32 ஜிபி என்றிருந்து கணினி 29 அல்லது 30-க்கு அருகில் காட்டினால், கார்டின் சில்லு உயிரோடு இருக்கிறது, படிக்க முயலலாம். கொள்ளளவு பூஜ்ஜியம் என்றோ, ரீடர் மட்டும் தெரிந்து உள்ளே ஒன்றுமில்லை என்றோ வந்தால் ரீடரை மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் மாறாவிட்டால் மென்பொருளால் செய்யக்கூடியது எதுவுமில்லை. பெரிய கார்டு ஒரு சில எம்பி அளவே உள்ளதாகக் காட்டினால், சில்லு தன் உள்நிரலைத் தொடங்க முடியாமல் நிற்கிறது என்று கொள்ளலாம். அதுவும் வீட்டிலோ என்னைப் போன்றவர் மேசையிலோ தீரும் பழுது அல்ல. கடைசி இரண்டு நிலைகளிலும் கார்டின் மேல் பூச்சைச் சுரண்டி உள்ளே இருக்கும் நினைவகத்தை நேரடியாகப் படிக்கும் ஆய்வகங்கள்தான் வழி. அதற்கான செலவு கார்டின் விலையைப் போலப் பல மடங்காகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பெரியவரின் கார்டு முதல் நிலையில் இருந்தது. இப்போது செய்ய வேண்டியது ஒன்றே: கார்டை முழுவதுமாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒரே கோப்பாக நகல் எடுத்துவிட்டு, அதன்பின் எல்லா முயற்சிகளையும் அந்த நகலின் மேல் செய்வது. கார்டு மேலும் கெட்டாலும் நகல் கெடாது. என் முயற்சி தவறானாலும் இன்னொரு நகலிலிருந்து மீண்டும் தொடங்கலாம். இதற்கு வட்டில் 32 ஜிபி காலி இடம் வேண்டும். நகலுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ள அதைப் போல இரு மடங்கு. உபுண்டுவில் `gddrescue` என்ற பெயரில் கிடைக்கும் `ddrescue` கருவி இதற்கானது. எழுதத் தடை போட்டுவிட்டு இப்படித் தொடங்கினேன்:

```
sudo blockdev --setro /dev/sdb
sudo ddrescue -n /dev/sdb card.img card.map
```

இங்கே `sdb` என்பது என் கணினியில் அந்தக் கார்டின் பெயர். உங்கள் கணினியில் அது வேறாக இருக்கலாம். மேலே சொன்ன பட்டியலில் கொள்ளளவை வைத்து உறுதி செய்துகொள்ளாமல் இந்த வரியை அடிக்கவே கூடாது. முதலில் எழுதப்படுவது படிக்கப்படும் கார்டு, அடுத்தது நகல் போய்ச் சேரும் கோப்பு; இந்த இரண்டும் இடம் மாறக் கூடாது. மூன்றாவதாக உள்ள `card.map` மிகவும் பயனுள்ள கோப்பு. எந்தெந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது படிக்கவில்லை என்பதை அது குறித்துக்கொண்டே வரும். நடுவில் நிறுத்திவிட்டு மீண்டும் அதே வரியை அடித்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வழக்கமான நகல் முறைகள் ஒரு கெட்ட இடத்தைச் சந்தித்தால் அங்கேயே நின்று, மீண்டும் மீண்டும் அதையே படிக்க முயன்று, சாகும் நிலையில் உள்ள கார்டின் மிச்ச ஆயுளையும் தின்றுவிடும். இந்தக் கருவி கெட்ட இடங்களைத் தாண்டிக்கொண்டு, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். `-n` என்ற குறி, கெட்ட பகுதிகளைச் சுரண்டிப் பார்ப்பதை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்கிறது. அந்த ரீடரில் நொடிக்கு ஏறக்குறைய 20 எம்பி வேகம் கிடைத்தது. அந்த வேகத்தில் 32 ஜிபி கார்டுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். நடுவில் ஓரிடத்தில் வேகம் சட்டென்று சரிந்து, கார்டு தொட்டால் சுடும் அளவுக்கு வந்தது. அப்போது நிறுத்தி, ரீடரைக் கழற்றி, கார்டை ஆறவிட்டுப் பிறகு தொடர்ந்தேன். கழற்றிப் போட்டால் எழுதத் தடையை மீண்டும் போட வேண்டும். பெயரும் `sdc` என்று மாறியிருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

நல்ல பகுதிகள் எல்லாம் வந்த பிறகு, எஞ்சிய கெட்ட இடங்களுக்கு மட்டும் மூன்று முறை முயலச் சொல்லி ஓட்டினேன்:

```
sudo ddrescue -d -r3 /dev/sdb card.img card.map
```

முடிவில் படிக்க முடியாமல் நின்றது ஒரு எம்பிக்கும் குறைவு. அதன்பின் கார்டை உறையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டேன். படங்கள் மீட்கப்படும் வரை அதை மீண்டும் தொடவில்லை.

நகல் முழுமையாக வந்துவிட்டது என்றால் படங்கள் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு விடை `testdisk` கருவியில் கிடைத்தது. ஃபேட்32 முறையில், கார்டின் பகுதி தொடங்கும் இடத்திலேயே 512 பைட் அளவுள்ள ஒரு துண்டு இருக்கிறது. ஒவ்வொரு கோப்புத் துண்டும் எவ்வளவு பெரியது, கோப்புகளின் இருப்பிடத்தைச் சொல்லும் அட்டவணை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். அது கெட்டால் கார்டில் உள்ள மற்ற அனைத்தும் நலமாக இருந்தாலும் போன் ‘சேதம்’ என்றே சொல்லும். நல்வாய்ப்பாக, இந்தத் துண்டுக்கு ஒரு மாற்றுப் பிரதி ஆறாவது இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கோப்பு இருப்பிட அட்டவணையும் வழக்கமாக இரண்டு பிரதிகளாக இருக்கும்.

நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, அதன் மேல் கருவியை ஓட்டினேன்:

```
cp card.img work.img
testdisk work.img
```

உள்ளே `Advanced` என்ற பகுதிக்குப் போய், கார்டின் பகுதியைத் தேர்ந்தெடுத்து, `Boot` என்பதைத் திறந்தால், முதல் துண்டும் மாற்றுப் பிரதியும் எந்த நிலையில் உள்ளன என்று காட்டும். இங்கே முதலாவது கெட்டது, இரண்டாவது நலம் என்று வந்தது. `Backup BS` என்பதைத் தேர்ந்தெடுத்தால் மாற்றுப் பிரதி முதல் இடத்துக்கு நகலெடுக்கப்படும். இது எழுதும் செயல்தான். ஆனால் எழுதப்படுவது நகலின் நகலில் என்பதால் அச்சமில்லை. இதையே நேரடியாகக் கார்டின் மேல் செய்ய முயன்றிருந்தால், எழுதும்போதே கார்டு முழுவதும் விழுந்திருக்கக்கூடும்.

பிறகு அந்தக் கோப்பைப் படிக்க மட்டும் என்று திறந்தேன்:

```
sudo losetup -r -f -P --show work.img
sudo mount -o ro /dev/loop0p1 /mnt
```

முதல் வரி எந்தப் பெயரைத் திருப்பித் தருகிறதோ அதையே இரண்டாவது வரியில் பயன்படுத்த வேண்டும். என் கணினியில் அது `/dev/loop0` என்று வந்தது. ஃபோல்டர்கள் அனைத்தும் தம் பெயர்களோடு தெரிந்தன. எல்லாவற்றையும் தனி வட்டுக்கு நகலெடுத்துவிட்டு ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன். பத்திரப் படங்கள் அனைத்தும் நலம். காதணி விழாப் படங்களில் சில, மேல்பாதி தெளிவாகவும் கீழ்பாதி சாம்பல் நிறமாகவும் இருந்தன. படிக்க முடியாமல் போன பகுதி அவற்றின் நடுவில் விழுந்திருக்க வேண்டும். LOST.DIR ஃபோல்டரில் எண் பெயரோடு சில கோப்புகள் கிடந்தன. மகன் ஒரு முறை கழற்றிப் போட்டபோது போன் செய்த திருத்தத்தின் விளைவு அது என்று ஊகிக்கிறேன். அவற்றின் பெயருக்குப் பின்னால் `.jpg` என்று சேர்த்தவுடன் பாதிக்கு மேல் படங்களாகத் திறந்தன. இந்த ஃபோல்டரைக் குப்பை என்று எண்ணி அழித்துவிடும் பழக்கம் இருக்கிறது. மீட்பு முடியும் வரை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எஞ்சியவற்றுக்கு `photorec` கருவியை `card.img` என்ற முதல் நகலின் மேல் ஓட்டினேன். இது பட்டியலை நம்புவதே இல்லை. ஒவ்வொரு இடமாகப் படித்து, படம் தொடங்கும் அடையாளத்தைக் கண்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கோப்பு வகைகளில் `jpg` மட்டும் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். போனின் வீடியோக்களும் வேண்டும் என்றால் `mov` என்ற வகையைச் சேர்க்க வேண்டும், எம்பி4 கோப்புகள் அதற்குள்தான் அடங்குகின்றன. இதன் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பெயர்களும் ஃபோல்டர்களும் வராது. `f` என்ற எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயர்கள்தான் கிடைக்கும். படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் எடுத்த தேதி மட்டும் தங்கியிருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்தலாம். நீளமான வீடியோக்கள் கார்டில் துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்டிருந்தால், இந்தக் கருவியால் அவற்றைச் சேர்க்க முடிவதில்லை. விழாவின் இரண்டு வீடியோக்கள் அப்படித்தான் திறக்காமலே நின்றன.

படங்களை வேறு இரண்டு இடங்களில் சேமித்து, பெரியவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, கார்டை அவர் அனுமதியோடு முழுவதுமாகச் சோதித்தேன். இது கார்டில் உள்ளதை அழிக்கும் சோதனை. மீட்பு முடிந்த பிறகே செய்ய வேண்டும். கார்டைப் புதிதாக ஃபார்மேட் செய்து, `f3write` கட்டளையால் காலி இடம் முழுவதையும் அறிந்த தரவால் நிரப்பி, `f3read` கட்டளையால் திரும்பப் படித்து ஒப்பிட்டேன். பெட்டியில் எழுதிய கொள்ளளவு உண்மையா என்பதையும் இதே சோதனை காட்டிக் கொடுக்கும்; உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து 64 ஜிபி என்று பொய் சொல்லும் கார்டுகளில், உண்மையான அளவைத் தாண்டி எழுதிய படங்கள் எல்லாம் இழப்பாகவே வரும். இந்தக் கார்டு கொள்ளளவில் உண்மையானது. ஆனால் எழுதியதும் படித்ததும் பல இடங்களில் பொருந்தவில்லை. ஃபார்மேட் செய்தவுடன் போன் இதை நல்ல கார்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கும், சில வாரங்கள் வேலையும் செய்திருக்கும். அதன்பின் மீண்டும் இதே அறிவிப்பு வந்திருக்கும். ஃபார்மேட் செய்து சரியானதாகச் சொல்லப்படும் கார்டுகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

கோளாறு எப்படித் தொடங்கியது என்பதற்கு, பெரியவர் சொன்ன ஒரு செய்தி பொருந்துகிறது. அவருடைய போனின் பேட்டரி பழையது. சார்ஜ் குறைந்த நிலையில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுமாம். கார்டு ஓர் எழுத்தை மாற்ற, அதைச் சுற்றியுள்ள பெரிய பகுதியையே வேறிடத்தில் மாற்றி எழுதி, தன் உள் கணக்கையும் புதுப்பிக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால், நாம் எழுதிக்கொண்டிருந்த வீடியோ மட்டுமல்ல, அதற்குத் தொடர்பே இல்லாத பழைய பகுதிகளும் கெடலாம். தேய்ந்துபோன கார்டில் இது இன்னும் எளிதாக நடக்கும். ஆகவே பேட்டரியையும் மாற்றச் சொன்னேன்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றிச் செய்வேன். அடாப்டரைத் தொடாமல் நேரே நல்ல ரீடருக்குப் போவேன். நகல் எடுக்கும்போது கார்டு சூடாவதற்கு முன்பே, சிறிய மேசை விசிறி ஒன்றை ரீடரின் பக்கம் திருப்பி வைப்பேன். கார்டு எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால் வேலை கொஞ்சம் மாறும்: 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் வருகின்றன, அதில் மாற்றுப் பிரதி பன்னிரண்டாவது இடத்தில் தொடங்குகிறது. அந்த முறையைப் படிக்கத் தெரியாத பழைய போன்கள், முற்றிலும் நல்ல கார்டையே ஆதரிக்கப்படாதது என்றோ சேதம் என்றோ சொல்லும். அப்படிப்பட்ட நிலையில் கணினியில் போட்டவுடன் எல்லாப் படங்களும் சாதாரணமாகத் தெரிந்துவிடும். நகல் எடுத்த பிறகு போனிலேயே ஃபார்மேட் செய்தால் போதும்.

ரீடருக்கு ₹250, ஆல்கஹாலுக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல், புதிய 32 ஜிபி கார்டுக்கு ₹450. மென்பொருள்கள் எல்லாம் இலவசம். புதிய கார்டைப் பெரியவரின் போனிலேயே, எடுத்துப் போடும் சேமிப்பு என்ற முறையில் ஃபார்மேட் செய்து கொடுத்தேன். அதைக் கழற்ற வேண்டியிருந்தால் அமைப்புகளில் சேமிப்புப் பக்கத்தில் வெளியேற்று என்பதை அழுத்திய பிறகே ட்ரேயை இழுக்க வேண்டும் என்று, அவருடைய மகனிடம் செய்து காட்டிவிட்டேன். `card.img` கோப்பை இன்னும் அழிக்கவில்லை. திறக்காத அந்த இரண்டு வீடியோக்களை, அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றின் தலைப்பகுதியை மாதிரியாகக் கொண்டு சீர்செய்யும் முறையில் முயன்று பார்க்க, அவர் மலையிலிருந்து அடுத்த முறை இறங்கும்போது அப்படி ஒரு வீடியோவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.